நன்றியுரையில் ‘ஒரு பிழைகூட இல்லாமல்’ என்று சொல்லலாமா? (பேரேடுகளைக் கணினியில் ஏற்றியவர்களுக்கான உரை)

#1 சங்கச்செயலர்

வணக்கம். ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் உறுப்பினர் கடன் பேரேடுகள் மொத்தம் 14 புத்தகங்கள். சுமார் 2,100 பக்கம், பக்கத்துக்கு 30 வரி. முப்பத்தைந்து ஆண்டுக் கணக்கு, நாலைந்து எழுத்தர்களின் கையெழுத்தில். இதையெல்லாம் ஒன்பது தன்னார்வலர்கள் ஏழு மாத வார இறுதிகளில் உட்கார்ந்து கணினியில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த வாரப் பொதுக்குழுவில் அவர்களுக்கு நன்றி சொல்லி நான் பேச வேண்டும். பேசிப் பழக்கமில்லை, எழுதி வைத்துத்தான் படிப்பேன். நடுப்பகுதி இதுதான்:

“உறுப்பினர்களே, நம் சங்கத்தின் முப்பத்தைந்து ஆண்டுக் கணக்கை இந்த ஒன்பது பேரும் தங்கள் விரல்களால் மறுபடி எழுதியிருக்கிறார்கள். மொத்தம் 63,000 வரிகள். ஒரு பிழைகூட இல்லாமல் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையும் கடைசி இலக்கம் வரை புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. இனி அந்தப் பழைய புத்தகங்களைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. மங்கிய மையையும் கிழிந்த ஓரங்களையும் பொறுமையாகப் படித்த அவர்களுக்குச் சங்கம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.”

படித்துப் பார்த்தால் எனக்கே ஏதோ அச்சடித்த வாழ்த்து அட்டை மாதிரி இருக்கிறது. எங்கே மாற்றலாம்?

#2 வழிப்போக்கன்

சின்னதாக முடியுங்கள். மூன்று நிமிஷம் போதும். ஒன்பது பெயரையும் சொல்லுங்கள், ஒன்றை விட்டாலும் ஆயுசுக்கும் கேட்பார்கள். மற்றபடி ஒரு சந்தேகம். ஸ்கேன் எடுத்து வைத்திருந்தாலே புத்தகம் பத்திரமாக இருந்திருக்குமே, எதற்கு ஏழு மாதம்?

#3 பழைய_கணக்கர்

ஸ்கேன் எடுத்தால் படம் கிடைக்கும், கூட்டல் கிடைக்காது. ஒரு உறுப்பினர் எந்தெந்த ஆண்டு எவ்வளவு கட்டினார் என்று கேட்டால், படத்தை வைத்துக்கொண்டு மறுபடி விரல்விட்டு எண்ண வேண்டியதுதான்.

செயலாளர் ஐயாவுக்கு: உரையில் இரண்டு வாக்கியங்களை வெட்டுங்கள். ஒன்று, ‘ஒரு பிழைகூட இல்லாமல்’. இன்னொன்று, ‘பழைய புத்தகங்களைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை’. நான் பல சங்கங்களில் தணிக்கைக்கு உட்கார்ந்தவன். இந்த இரண்டையும் ஒரு செயலாளர் பொதுக்குழுவில் சொல்லி, அது நடவடிக்கைக் குறிப்பிலும் ஏறிவிட்டால், பின்னால் ஒரு உறுப்பினர் வந்து “என் ரசீதில் வேறு தேதி இருக்கிறதே” என்று கேட்கும் நாளில் உங்களுக்குத்தான் சங்கடம்.

பக்கக் கூட்டு ஒத்துப்போகிறது என்றால் தொகைகள் பெரும்பாலும் சரி என்று பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. தேதியைத் தப்பாக அடித்தால் கூட்டு மாறுமா? ரசீது எண்ணைத் தப்பாக அடித்தால்? ஒரு முழுப் பக்கத்தையும் பக்கத்து உறுப்பினர் எண்ணில் ஏற்றிவிட்டால்கூட அந்தப் பக்கத்தின் கூட்டு அழகாக ஒத்துப்போகும்.

ஒரு கேள்வி. வரிக்கு வரி எழுதியிருக்கும் இருப்பை நீங்கள் புத்தகத்தில் பார்த்து அடித்தீர்களா, இல்லை கணினியே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்களா? உங்கள் பதிலைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.

#4 மின்னல்விரல்

பக்கக் கூட்டு ஒத்துப்போகாதபோது ஒரு சுருக்கு வழி இருக்கிறது, உரையில் சொன்னால் கூட்டம் ரசிக்கும். வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருக்கிறார்கள். 1,140-ஐ 1,410 என்று அடித்தால் வித்தியாசம் 270. 270-ஐ 9-ஆல் வகுத்தால் 30. அந்த 30-இல் இருக்கும் 3-தான் இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம், 4-க்கும் 1-க்கும். நான் கல்லூரி நாட்களில் ஒரு அலுவலகத்தில் பதிவு வேலை பார்த்தேன், இதை வைத்தே எல்லாவற்றையும் பிடித்துவிடுவேன்.

#5 பழைய_கணக்கர்

பாதி சரி, தம்பி. இடம் மாறினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். ஆனால் வகுபட்டால் இடம் மாறியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை.

உங்கள் 270-ஐயே எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் 30 என்று இருப்பதை 300 என்று ஒரு சுழியம் கூட்டி அடித்தாலும் வித்தியாசம் 270. அதுவும் 9-ஆல் வகுபடும். நீங்கள் 4-ம் 1-ம் இடம் மாறிய வரியைத் தேடிப் பக்கம் முழுக்கக் கண்ணை ஓட்டுவீர்கள், தவறு ஒரு சின்னத் தொகையில் ஒளிந்திருக்கும். இது போக, முழுதாக வேறு காரணத்தால் வந்த வித்தியாசமும் ஒன்பதில் ஒரு தடவை தற்செயலாக வகுபட்டே தீரும். ஒரு வரியை அடியோடு விட்டுவிட்டாலும், அந்த வரியின் தொகை 270 ஆக இருந்தால் கதை அதேதான்.

நான் செய்வது வேறு வரிசை. முதலில் அந்த வித்தியாசத் தொகையே பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அந்த வரி விடுபட்டிருக்கலாம், அல்லது இரண்டு முறை ஏறியிருக்கலாம். அப்புறம் வித்தியாசத்தில் பாதியைத் தேடுவேன். பற்றில் வர வேண்டியது வரவில் உட்கார்ந்திருந்தால் பற்றுக்கும் வரவுக்கும் உள்ள இடைவெளி அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு பிசகும். இதெல்லாம் இல்லை என்றால்தான் ஒன்பது.

#6 நூலகத்தடி

எனக்குக் கணக்கு தெரியாது, ஆனால் இதே வேலையை ஒரு நூலகத்தில் செய்து சூடுபட்டவள். சேர்க்கைப் பதிவேடு, அதாவது வாங்கிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி. நாங்களும் தன்னார்வலர்களை வைத்துத்தான் ஏற்றினோம்.

எங்களைக் கவிழ்த்தது ‘மேற்படி’. பழைய எழுத்தர்கள் மேல்வரியில் இருப்பதைத் திரும்ப எழுதாமல் இரண்டு கோடு போடுவார்கள், அல்லது ‘மேற்படி’ என்று எழுதுவார்கள். புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே அடியுங்கள் என்று நாங்கள் சொல்லியிருந்தோம், அவர்களும் ‘மேற்படி’ என்றே அடித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் ஆசிரியர் பெயர் வாரியாக வரிசைப்படுத்திச் சேமித்துவிட்டார். ‘மேற்படி’ எல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவிந்தன. எது எந்த வரிக்கு மேற்படி என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வரியும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்ற எண்ணையும் சேர்த்து அடித்திருந்தால் பழைய வரிசைக்குத் திருப்பியிருக்கலாம். அடிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இன்னொன்று பக்கக் குறிப்பு. மூன்றாம் புத்தகம் பன்னிரண்டாம் பக்கம் என்பதை 3/12 என்று அடித்தோம். எக்செல் அதைத் தேதியாக்கிவிட்டது. பிறகு அந்தக் கட்டத்தை உரை வடிவத்துக்கு மாற்றினால் 3/12 திரும்ப வராது, தேதிக்கு அது உள்ளுக்குள் வைத்திருக்கும் ஒரு நீள எண்தான் வரும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை உரை என்று அமைத்திருக்க வேண்டும். 0047 என்ற எண் 47 ஆகச் சுருங்கியதும் இதே கதைதான்.

உங்கள் ஒன்பது பேரும் இதில் எத்தனை பள்ளத்தைத் தாண்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உரைக்கு அதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

#7 சங்கச்செயலர்

எல்லோருக்கும் நன்றி. கணக்கர் ஐயாவின் கேள்விக்குப் பதில்: இருப்பைப் புத்தகத்தில் உள்ளபடி தனியாக அடித்தோம். பக்கத்திலேயே ஒரு சரிபார்ப்பு நெடுவரிசை வைத்தோம். F பற்று, அதாவது கொடுத்த கடனும் ஏறிய வட்டியும். G வரவு, அதாவது உறுப்பினர் கட்டியது. H புத்தகத்தில் எழுதியிருக்கும் இருப்பு. மூன்றாம் வரிக்கு இப்படி:

```
=ROUND(H2+F3-G3-H3,2)
```

சுழியம் வந்தால் அந்த வரி சரி. ஒவ்வொரு வரியையும் புத்தகத்தின் முந்தைய இருப்பிலிருந்தே கணக்கிடுவதால், ஒரு வரியில் தவறு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரியும், பக்கம் முழுக்கப் பரவாது.

‘மேற்படி’யை விரித்து அடித்தோம், விரித்ததற்கு அடையாளமாகக் குறிப்பு நெடுவரிசையில் ஒரு ‘மே’. புத்தகம், பக்கம், வரி மூன்றும் மூன்று தனி நெடுவரிசைகள். இதெல்லாம் என் யோசனை இல்லை, மூன்றாவது வாரத்தில் தன்னார்வலர்களே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிய விதிகள்.

அந்தத் தாள் வந்ததற்கு ஒரு 180 காரணம். ஒருவருடைய கடன் கணக்கு. ஒரு பக்கத்தின் கடைசி இருப்பு 4,860. அடுத்த பக்கத்தின் மேலே முன்பக்க இருப்பு 4,680. அன்றைய எழுத்தர் கை தவறி 8-ஐயும் 6-ஐயும் மாற்றி எழுதியிருக்கிறார். இதை ஏற்றிய தன்னார்வலர் சரிபார்ப்பில் 180 வருவதைப் பார்த்து, முன்பக்க இருப்பை 4,860 என்று திருத்திவிட்டார். உடனே அடுத்த வரியில் 180 வந்தது. அதையும் திருத்தினார். இப்படியே பதினோரு வரி. பன்னிரண்டாவது வரியில் சிவப்பு மையில் ‘முன்பக்கத் தவறு சேர்த்தது 180’ என்று எழுத்தரே எழுதியிருந்தார். இப்போது திரையில் பார்த்தால், சங்கம் அந்த உறுப்பினரிடம் 180 அதிகமாக ஏற்றிக்கொண்டது போலத் தெரிந்தது. அந்தத் தன்னார்வலர் பதறிப்போய் என்னிடம் வந்தார். உறுப்பினருக்குப் பணம் திருப்பித் தர வேண்டும் என்று எனக்கும் ஒரு நாள் முழுக்கத் தோன்றியது.

இதை உரையில் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

#8 வழிப்போக்கன்

சொல்லாதீர்கள். நன்றி சொல்ல மேடையேறிவிட்டு ‘இவர்களில் ஒருவர் பதினோரு வரியைத் தப்பாகத் திருத்தினார்’ என்றால் யாருக்கு மனம் குளிரும்? பெயர் சொல்லாவிட்டாலும் ஒன்பது பேருக்குள் யார் என்று தெரியாமலா இருக்கும்?

#9 தட்டச்சு_தோழி

தெரியும். அது நான்தான்.

சார், இந்தத் தளத்தில் நீங்கள் எழுதுவது எனக்குத் தெரியாது, நூலகத்தடி அக்கா பழைய பதிவுகளைப் படிக்க வந்தேன், மாட்டிக்கொண்டீர்கள். கதையை நீங்கள் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. நான் திருத்திய அன்று ‘புத்தகத்தில் தப்பாக இருந்தாலும் அப்படியே அடிக்க வேண்டும்’ என்று யாரும் சொல்லவில்லை. ‘சரிபார்ப்பு சுழியம் வர வேண்டும்’ என்றுதான் சொல்லியிருந்தீர்கள். சுழியம் வரவைத்தேன். கண்ணில் பட்ட தப்பைச் சரிசெய்வது நல்ல காரியம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

எனக்குக் கோபமில்லை. சொல்வதாக இருந்தால் முழுதாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான். பெயரையும் சொல்லலாம்.

#10 பழைய_கணக்கர்

அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி. ‘சுழியம் வர வேண்டும்’ என்று சொன்னால் வேலை செய்பவர் சுழியத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். ‘சுழியம் வராவிட்டால் குறிப்பில் எழுது’ என்று சொல்லியிருக்க வேண்டும். பிசகு சொன்னவர் மேல்.

அந்த எழுத்தர் எப்படித் தவறினார் என்பதற்கு அந்தப் பக்கத்திலேயே சாட்சி இருக்கும். தவறுக்கு அடுத்த வட்டி வரியில் என்ன தொகை இருந்தது?

#11 தட்டச்சு_தோழி

46.80. மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி.

#12 பழைய_கணக்கர்

பார்த்தீர்களா. 4,680-க்கு 46.80. இருப்பு உண்மையிலேயே 4,860 என்று அவர் கையில் இருந்திருந்தால் 48.60 என்று எழுதியிருப்பார். ஆக, அவர் அந்த மாதம் குறைந்த இருப்பை வைத்துத்தான் வட்டி போட்டார். நீங்கள் இருப்பை மட்டும் திருத்தினால் வட்டி அந்தரத்தில் நிற்கும், எதற்கு எத்தனை என்று யாருக்கும் புரியாது. தவறு, தவறின் மேல் போட்ட வட்டி, கடைசியில் சிவப்பு மையில் திருத்தம், இது மூன்றும் ஒரே சங்கிலி. நடுவில் ஒரு கண்ணியை நேராக்கினால் மற்ற இரண்டும் கோணலாகத் தெரியும். அந்த மனிதர் ஒரு பாவமும் செய்யவில்லை, தன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சிவப்பில் எழுதியும் வைத்தார். திரையில் அவர் திருடர் மாதிரி ஆகிவிட்டார்.

அந்தப் பதினோரு வரியில் எத்தனை வட்டி வரிகள்?

#13 தட்டச்சு_தோழி

ஆறு வட்டி, ஐந்து தவணை.

#14 மின்னல்விரல்

அப்படியென்றால் மாதம் 1.80 வீதம் ஆறு மாதத்துக்கு 10.80 வட்டி சங்கத்துக்கு வரவேயில்லை. சிவப்பு மையில் 180 மட்டும்தானே சேர்த்திருக்கிறார்?

#15 பழைய_கணக்கர்

ஆமாம், வரவில்லை. அவர் தன் தவறுக்கு உறுப்பினரிடம் வட்டி கேட்க வேண்டாம் என்று விட்டாரா, கவனிக்கவே இல்லையா என்பது அந்தப் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். அன்றைய நிர்வாகக் குழுத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தாலும் இருக்கும்.

சரி, உரைக்கு வருவோம். ‘ஒரு பிழைகூட இல்லாமல்’ என்பதை எடுத்துவிட்டால் அங்கே என்ன வைப்பது? பிழை எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். துளை அட்டை காலத்தில் இதற்கென்றே ஓர் இயந்திரம் இருந்தது, ஐபிஎம் 056 என்று பெயர். ஒருவர் துளையிட்ட அட்டையை அதில் வைத்து, வேறொருவர் மூலத்தாளைப் பார்த்து அதையே மறுபடி அடிப்பார். ஒத்துவராத இடத்தில் இயந்திரம் நின்றுவிடும். முழு அட்டையும் ஒத்துவந்தால் அதன் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். அட்டைக் கட்டை எடுத்து ஓரத்தைப் பார்த்தாலே எது சரிபார்க்கப்படாதது என்று தெரிந்துவிடும்.

நீங்கள் 63,000 வரியையும் இரண்டாம் முறை அடிக்க வைத்தால் இன்னும் ஏழு மாதம். வேண்டாம். 2,100 பக்கத்தில் 20 பக்கத்தைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். அழகான பக்கங்களாகப் பொறுக்காதீர்கள். முதலில் அடித்தவர் அல்லாத ஒருவர், முதல் பதிவைப் பார்க்காமல், புத்தகத்திலிருந்து அடிக்கட்டும். பிறகு இரண்டையும் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள்.

#16 நூலகத்தடி

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது ஐயா. ஒரே மங்கிய எழுத்தை இரண்டு பேரும் ஒரே மாதிரித் தப்பாகப் படித்தால்? எங்கள் பதிவேட்டில் ஒரு எழுத்தர் 1-ஐ மேலே கொக்கி வைத்து எழுதுவார், பார்க்கிற எல்லோரும் 7 என்றுதான் படித்தோம்.

#17 பழைய_கணக்கர்

பிடிபடாது. கையெழுத்தே காரணமாக வரும் தவறை இரண்டாவது கண் பிடிக்காது, வேறொரு ஆவணம்தான் பிடிக்கும். ரசீது அடிக்கட்டை, நாள்வழி, ஆண்டு இறுதி நிலுவைப் பட்டியல், இப்படி. அதனால்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை என்று சொல்லாதீர்கள் என்றேன்.

#18 சங்கச்செயலர்

மூன்று நாள் ஆயிற்று, செய்து பார்த்துவிட்டோம். புத்தக எண்ணையும் பக்க எண்ணையும் சீட்டில் எழுதிக் குலுக்கி 20 பக்கம் எடுத்தோம். 600 வரிகள். ஐந்து வரிகளில் வித்தியாசம் வந்தது.

அதில் மூன்று, முதலில் ஏற்றியவரின் தவறு. இரண்டு தேதி, ஒரு ரசீது எண். ஒன்று இரண்டாமவரின் தவறு, முதல் பதிவு சரியாகத்தான் இருந்தது. ஐந்தாவதும் ஒரு ரசீது எண். ஒருவர் 2317 என்கிறார், இன்னொருவர் 2377 என்கிறார். நானும் பார்த்தேன், எனக்கு ஒரு சமயம் அது, ஒரு சமயம் இது. தொகையில் ஒரு தவறுகூட இல்லை.

#19 மின்னல்விரல்

600-க்கு 3 என்றால் இருநூறுக்கு ஒன்று. 63,000-க்கு 315. ‘315 பிழைகள் இருக்கின்றன’ என்று உரையில் சொல்லிவிடலாம், துல்லியமாக இருக்கும்.

#20 பழைய_கணக்கர்

துல்லியமாகத் தோன்றும், அவ்வளவுதான். மூன்று என்பது சின்ன எண். இன்னொரு 20 பக்கம் குலுக்கினால் ஒன்று வரலாம், ஆறு வரலாம். இந்த அளவு மாதிரியை வைத்துச் சொல்ல முடிந்ததெல்லாம், மொத்தத்தில் அறுபதுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்பதுதான். பொதுக்குழுவில் ‘சில நூறு வரிகளில் தேதியோ ரசீது எண்ணோ பிசகியிருக்கக்கூடும்’ என்றால் போதும். தொகைகள் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் உங்கள் வரிக்கு வரி சரிபார்ப்பு. தேதிக்கும் ரசீது எண்ணுக்கும் அப்படி ஒரு காவல் இல்லை, தவறு அங்கேயே வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

#21 வழிப்போக்கன்

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இது நன்றியுரையா, தணிக்கை அறிக்கையா? சில நூறு பிழை என்று மைக்கில் கேட்டதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து ‘அப்போ இது எதற்கு?’ என்பார். இருந்து பாருங்கள்.

#22 சங்கச்செயலர்

திருத்தியது இது. தோழியிடம் முன்கூட்டியே காட்டிவிட்டேன்.

“உறுப்பினர்களே, நம் கடன் பேரேடுகளில் 63,000 வரிகள் இருக்கின்றன. இவர்கள் ஒன்பது பேரும் ஒவ்வொரு வரியிலும் தேதி, ரசீது எண், விவரம், பற்று, வரவு, இருப்பு எல்லாவற்றையும் அடித்தார்கள். இருப்பைக் கணினியே போட்டுவிடும். ஆனாலும் புத்தகத்தில் எழுத்தர் போட்ட இருப்பைத்தான் அடித்தார்கள். அதனால்தான் கணினியின் கணக்கும் எழுத்தரின் கணக்கும் எங்கே பிரிகின்றன என்று இன்று நமக்குத் தெரிகிறது.

வேலை தொடங்கியபோது நான் ஒரு தவறு செய்தேன். சரிபார்ப்பில் சுழியம் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஒரு கணக்கில் பழைய எழுத்தர் 4,860-ஐ 4,680 என்று அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார். நான் சொன்ன சொல்லை நம்பி ஒரு தோழி அதைத் திருத்தினார். திருத்திக்கொண்டே போய்ப் பன்னிரண்டாவது வரியில், எழுத்தர் தானே தன் தவறைச் சிவப்பு மையில் சரிசெய்திருப்பதைப் பார்த்தார். அங்கே அவர் கையை எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். வராமல் அந்தச் சிவப்பு வரியை நீக்கியிருந்தால் எல்லாம் சுழியமாக, அழகாக இருந்திருக்கும். எழுத்தர் செய்த தவறும் அதை அவர் ஒத்துக்கொண்டதும் நம் பதிவிலிருந்து போயிருக்கும். அந்தப் பன்னிரண்டு வரிகளையும் புத்தகத்தில் இருந்தபடி அவரே திரும்ப அடித்தார். அடுத்த வாரம் அவரும் மற்றவர்களும் எழுதிச் சுவரில் ஒட்டிய தாளில் முதல் விதி: ‘புத்தகம் தவறினால் தவறியபடியே அடி, குறிப்பில் சொல்.’

அந்தக் குறிப்பு நெடுவரிசையில் இன்று 412 குறிப்புகள் இருக்கின்றன. மை கொட்டிய இடம், கூட்டல் பிசகிய இடம், இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய எண். நான் இவர்களுக்கு முதலில் நன்றி சொல்வது இந்த 412-க்குத்தான்.

20 பக்கங்களைக் குலுக்கி எடுத்து மறுபடி அடித்துப் பார்த்தோம். தொகையில் தவறு இல்லை. தேதியிலும் ரசீது எண்ணிலும் மூன்று. மொத்தத்தில் சில நூறு வரிகளில் அப்படி இருக்கக்கூடும். உங்கள் கணக்கின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கி, கையில் இருக்கும் ரசீதுகளோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கும்.”

இதற்குப் பிறகு ஒன்பது பெயர்கள்.

#23 தட்டச்சு_தோழி

‘ஒரு தோழி’ என்பதற்குப் பதில் என் பெயரையே போடுங்கள் சார். அப்புறம் 412-இல் என்னுடையவை வெறும் 19. ஐந்தாம் புத்தகத்தையும் ஒன்பதாம் புத்தகத்தையும் எடுத்தவர்தான் பாதிக்கு மேல் எழுதினார். கொக்கிக் கையெழுத்து முழுக்க அவர் தலையில்தான் விழுந்தது. அவரைத் தனியாக ஒரு வரி சொல்லுங்கள், வேகத்தில் கடைசியாக வந்தார் என்று எல்லோரும் கிண்டல் செய்தோம்.

#24 நூலகத்தடி

அந்தக் கடைசி ஆளைக் கட்டாயம் சொல்லுங்கள். எங்களிடமும் ஒருவர் இருந்தார். மணிக்கு எத்தனை வரி என்று பலகையில் எழுதி வைத்தோம், இரண்டாவது வாரம் வருவதை நிறுத்திவிட்டார். அவர் அடித்த பக்கங்களில்தான் பிழையே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

#25 சங்கச்செயலர்

நேற்று பேசி முடித்தேன். வழிப்போக்கன் சொன்னது நடந்தது, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ‘அப்போ இது எதற்கு?’ என்று கேட்கவில்லை. தன் அப்பாவின் கணக்கில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று கேட்டார். அங்கேயே தேடிப் பார்த்தோம், இரண்டு இருந்தன. ஒன்று மை கொட்டியது, இன்னொன்று கூட்டல் பிசகு. அச்செடுத்துக் கொடுத்தேன். கூட்டம் முடிந்து இன்னும் பதினாறு பேர் பிரதி கேட்டுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் மட்டும், பிழை இருக்கிறது என்று தெரிந்தும் எதற்கு இப்போதே பாராட்டு என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்களாம்.

தோழியின் பெயரைச் சொன்னேன். ஒன்பதாம் புத்தகக்காரரைப் பற்றிச் சொன்னபோது அவர் அரங்கில் இல்லை, வெளியே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்.

#26 பழைய_கணக்கர்

நல்லது. அந்த 2317, 2377 என்ன ஆயிற்று?

#27 சங்கச்செயலர்

அந்த ஆண்டு ரசீது அடிக்கட்டைகள் ஒரு தகரப்பெட்டியில் இருக்கின்றன, சாவி முந்தைய செயலாளரிடம். சனிக்கிழமை வாங்கி வருகிறேன் என்றிருக்கிறார் தோழி. அதுவரை குறிப்பில் இரண்டு எண்ணும் இருக்கும்.